அடுத்தவர் தலைப்பாகை

தீதார் சிங்குக்கு ஊரில் யாரையும் பிடிக்காது என்று சொன்னால் அது தப்பு. பிடிக்காமல் போவதற்கும் ஓர் ஆளைக் கொஞ்சமாவது மதிக்க வேண்டும். அவர் யாரையும் மதித்ததில்லை. பஞ்சாபில் நகோதர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்து முக்கால் ஆயுளைக் கழித்தவர். வாசலில் வந்து நிற்கிற முகம் எதுவானாலும், இதற்கு எங்கே வெளிச்சம் குறைக்கணும், எந்தப் பக்கம் திருப்பினால் அசடு கொஞ்சம் மறையும் என்றுதான் முதலில் பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் அசடு இல்லாத முகம் தன்னுடையது ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

அவருடைய இளக்காரத்தில் பெரும்பங்கு எதிர்க்கடை பிட்டுவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிட்டுவும் இவரைப் போலவே, வெறுந்தலைப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் தலைப்பாகை வைத்துக் கொடுக்கிறவன்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு தலைப்பாகை. எங்கிருந்தோ இறக்கிய செக்கச் சிவந்த கல்யாணத் தலைப்பாகை. செத்தவனுக்கும் அதுதான், தேர்தலில் நிற்கிறவனுக்கும் அதுதான், பாஸ்போர்ட் எடுக்க வந்த பள்ளிக்கூடப் பையனுக்கும் அதுதான். முகம் இடப்பக்கம் பார்க்கும், தலைப்பாகை நேரே பார்க்கும். நெற்றிக்கும் துணிக்கும் நடுவில் காற்று புகுந்து போகிற மாதிரி ஓர் இடைவெளி இருக்கும். “பிட்டு தலப்பா வைக்கிறதில்ல, சட்டியக் கவுத்துறான்” என்று தீதார் சிங் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பிட்டு சீக்கிரம் கொடுத்துவிடுவான் என்று அவன் கடைக்கே போவார்கள். அதற்காகவும் அவர்களை இவர் மதிக்கவில்லை.

மற்றபடி அவர் தொழிலில் கைகாரர்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் ஸ்டுடியோவில் படமெடுத்துக்கொள்ள வந்த சர்தார்களின் தலைப்பாகைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். நேர்பார்வை, அரைத்திருப்பம், முக்கால் திருப்பம், மேலிருந்து வெளிச்சம், பக்கவாட்டு வெளிச்சம் என்று பிரித்து அடுக்கியிருந்தார். எது யாருடைய தலைப்பாகை என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. தலைப்பாகைதானே வேண்டும், தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் எண்ணம்.

அவர் தலையிலும் எப்போதும் நறுவிசான கருநீலத் தலைப்பாகை ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெனக்கெட்டுக் கட்டுவார். ராத்திரி குலையாமல் கழற்றி ஃபிரிட்ஜின் மேல் வைப்பார். காலையில் எடுத்து மாட்டிக்கொள்வார். தினமும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவதுதான் முறை; ஆனாலும் இந்தப் பக்கத்தில் பாதி ஆண்கள் செய்கிற காரியம்தான்.

நசீப் கௌர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவளுடைய ஒரே மகன் ஜஸ்கரண் இத்தாலியில் மாட்டுப்பண்ணையில் பால் கறக்கிற வேலையில் இருந்தான். பக்கத்து ஊரில் ஒரு பெண் அமைந்திருக்கிறது, நர்ஸ் படிப்பு முடித்தவள், அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்று உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டாள். அந்த அம்மா வரதட்சணை பேசவில்லை, நிலம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். பையன் தலைப்பாகை கட்டுகிறவனாக இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டு நசீப் கௌர் போனை நீட்டினாள். தீதார் சிங் படத்தைப் பார்த்தார். கொட்டகை வாசலில் வெயிலில் நிற்கிற ஒல்லிப் பையன். தலை உச்சியில் மட்டும் முடியைச் சேவல் கொண்டையாக நிறுத்தியிருந்தான். காதுக்கு மேலே ஒட்ட மழித்து, அதில் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு கோடு வேறு போட்டிருந்தான்.

“இதுக்குக் காசு குடுத்து வெட்டிக்கிட்டானா, இல்ல மாடு நக்கிருச்சா?” என்று கேட்டார் தீதார் சிங்.

நசீப் கௌருக்குக் கோபம் வந்தது. ஆனால் காரியம் ஆக வேண்டியவள் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது? அங்கே குளிர், மாட்டுக் கொட்டகையில் தலைப்பாகையோடு வேலை செய்ய விட மாட்டார்கள், எல்லாப் பையன்களும் இப்படித்தான் என்று அடுக்கினாள். கல்யாணத்துக்கு வந்து இறங்கியதும் கட்டிக்கொள்வான், இடையில் ஒரு படம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றாள். பையன் தானே போனில் ஏதோ செயலியைப் போட்டு முயற்சி செய்திருந்தான். அது அவன் தலையில் இறகு செருகிய ராஜா முண்டாசு ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டது. மடிப்புகள் ஜிலேபி மாதிரி எங்கோ தொடங்கி எங்கோ போய் முடிந்தன. அந்தப் படத்தைக் காட்டும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“எதிர்க்கட பிட்டுகிட்டப் போகலாம்னுதான் இருந்தேன் அண்ணே. அவன் வச்சா ஊருக்கே தெரிஞ்சிரும்னு எங்க ஓர்ப்படி சொன்னா.”

இந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. காரியம் நியாயமா அநியாயமா என்று யோசிக்கிற ஆள் இல்லை தீதார் சிங். மகன் மொட்டைத்தலை, அம்மா புளுகுணி, படத்தைப் பார்த்துப் பெண் கொடுக்கப்போகிறவள் கண்ணிருந்தும் குருடி. மூன்று பேரையும் ஒரே தராசில் வைத்து ஒரே எடையாகப் போட்டுவிட்டு, வியாழக்கிழமை வரச் சொன்னார். கிளம்பும்போது நசீப் கௌர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். படத்தின் ஓரத்தில் ஸ்டுடியோ பெயரைப் போட வேண்டாம். பெயர் இருந்தால் பெண் வீட்டார் பையன் எப்போது இங்கே வந்து படம் எடுத்தான் என்று கேட்பார்கள்.

தீதார் சிங் வேலையில் உட்கார்ந்தார். பையன் முகம் முக்கால் திருப்பத்தில், பார்க்கிறவருக்கு வலது பக்கமாகத் திரும்பியிருந்தது. வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. அதே திருப்பத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்த தலைப்பாகை வேண்டும். அது மட்டும் போதாது. காதுக்கு மேலே இருக்கிற மின்னல் கோட்டை மூட வேண்டும். சாதாரணமாகத் தலைப்பாகை காதின் நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்கும், மழித்த இடத்தில் கொஞ்சம் கீழே எட்டிப் பார்க்கும். அங்கே புதிதாக முடி வரைந்தால் வரைந்த முடி என்று தெரிந்துவிடும்.

தேடித் தேடி ஒன்றைப் பிடித்தார். மங்கலான மயில்நீலத்தில் ஒரு தலைப்பாகை. கட்டிய ஆசாமி ஒரு பக்கம் மட்டும் கடைசி மடிப்புகளை வழக்கத்தைவிடத் தாழ இறக்கி, காதின் மேல்பாதியை மூடிக் கட்டியிருந்தான். ஏன் அப்படிக் கட்டினான் என்று தீதார் சிங் யோசிக்கவில்லை. கட்டத் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஒரே ஒரு குறை, அது இடப்பக்கம் பார்த்தது. அதனாலென்ன, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகப் புரட்டிப் போட்டார். திருப்பம் சரியானது, வெளிச்சமும் சரியான பக்கம் வந்து சேர்ந்தது, தாழ்ந்த மடிப்பு நேரே மின்னல் கோட்டின் மேல் போய் விழுந்தது.

புரட்டினால் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற வரிசையும் புரண்டுவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வலது மேலே வரவேண்டியது இடது மேலே வரும். தலைப்பாகை கட்டுகிறவன் நின்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் யார் நின்று பார்க்கிறார்கள்? கேட்டால் பையன் இடதுகைக்காரன் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

பிறகு நடந்ததைப் பிட்டு பார்த்திருந்தால் தொழிலையே விட்டிருப்பான். அளவை மண்டையை வைத்து எடுக்கவில்லை தீதார் சிங். முடி வெட்டிய தலையில் நீள்முடியை முடிந்த கொண்டை இல்லை, தலைப்பாகைக்குள்ளோ ஒரு கொண்டையின் பருமன் இருக்கிறது. ஆகவே புருவத்துக்கும் காதுக்கும் உள்ள தூரத்தை வைத்து அளவைப் பொருத்தினார். சேவல் கொண்டையை முழுக்க அழித்து, அந்த இடத்தில் பின்னாலிருந்த கொட்டகைச் சுவரை நிரப்பினார். தலைப்பாகையின் கீழ்விளிம்பை நெற்றியின் வளைவுக்கு வளைத்தார். நடுவில் ஏறி, பொட்டருகில் இறங்கி, காதின் மேல் படிகிற வளைவு அது. துணி அழுத்தினால் காது மடங்கும் என்று காதின் நுனியையும் இம்மி அளவு கீழே சாய்த்தார். நடு நெற்றியில் தலைப்பாகைக்கு அடியில் தெரிகிற உள்துணி முக்கோணத்தைக் கறுப்பாக்கினார். மயில்நீலத்தைக் கருஞ்சிவப்பாக மாற்றினார்.

அடுத்தது நிழல். தலைப்பாகையைத் தலையில் உட்கார வைப்பது துணியல்ல, நிழல் என்பது அவர் சித்தாந்தம். விளிம்பை ஒட்டி மெல்லிய கரிய கோடாக ஒரு நிழல், அதற்குக் கீழே கரைந்து போகிற அகலமான நிழல் ஒன்று, இரண்டும் வெயில் வராத பக்கத்தில் அதிகம். நெற்றித் தோலில் துணியின் சிவப்பு லேசாக ஏறவும் செய்தார். தலைப்பாகை ஸ்டுடியோ காமிராவில் எடுத்தது, முகம் போனில் எடுத்தது. ஒன்று பளிச்சென்று இருக்கும், இன்னொன்று மசமசக்கும். துணியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கி, போன் படத்தில் இருந்த அதே பொரிபொரிப் புள்ளிகளை அதன் மேலும் தூவினார். முடிந்ததும் நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். ஜஸ்கரண் பிறந்ததிலிருந்து தலைப்பாகையோடு வளர்ந்தவன் போல நின்றான். வெயில்கூடத் தலைப்பாகைக்காகவே அடிப்பதாகத் தோன்றியது.

இவ்வளவு செய்துவிட்டு யார் செய்தது என்று தெரியாமல் போவதா? படத்தின் வலது கீழ்மூலையில், சின்னதாக, தங்க எழுத்தில் தன் ஸ்டுடியோ பெயரைப் போட்டுத்தான் அச்செடுத்தார். நசீப் கௌர் வந்து பார்த்தாள். மகனின் முகத்தைத் தடவினாள், படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கொஞ்சம் அழவும் அழுதாள். மூலையைப் பார்க்கவேயில்லை. பெற்றவளே இந்த லட்சணத்தில் பார்த்தால் மற்றவர்கள் என்னத்தைப் பார்த்துவிடப் போகிறார்கள் என்று தீதார் சிங்குக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரம் அவள் லட்டுப் பெட்டியோடு வந்தாள். பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்த அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டாளாம். பையன் நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்கிறான், மனசுக்கு எதுவோ பட்டது என்று சொன்னாளாம். தீதார் சிங் லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அவளுக்கு மனசுக்குப் பட்டதெல்லாம் என் மவுஸுக்குள்ளே இருந்து வந்தது என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண்மணி ஸ்டுடியோவுக்கு வந்தாள். வெளுத்த துப்பட்டா, கையில் துணிப்பை, அறுபதைத் தொடுகிற வயது. வாசலில் நின்று பெயர்ப்பலகையை ஒருதரம் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். படம் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். இல்லை, தலைப்பாகை வைக்கிற வேலை இங்கே நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள், அதைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றாள்.

தீதார் சிங்குக்கு வாய் ஊறிவிட்டது. அவளை உட்கார வைத்துக்கொண்டு பிட்டுவின் சட்டிக் கதையைத் தொடங்கினார். எதிர்க்கடையைக் கையால் காட்டிக் காட்டி, அவன் எப்படிக் கவிழ்க்கிறான், செத்தவர்களை எப்படிக் கல்யாண மாப்பிள்ளை ஆக்கி வைத்திருக்கிறான், ஊர் ஜனங்கள் அதையும் மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள் என்று விஸ்தாரமாகச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். சிரிக்கவில்லை. முடித்ததும் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது ஜஸ்கரணின் படம்.

“இது நீங்க செஞ்சதா தம்பி?”

மூலையில் தங்க எழுத்து மின்னியது. இல்லை என்று எப்படிச் சொல்வது? பையன் வந்திருந்தபோது இங்கே எடுத்த படம்தான் என்றார். எப்போது வந்தான் என்று கேட்டாள். போன குளிர்காலத்தில் என்றார். இந்த ஸ்டுடியோவுக்குள் கொட்டகைச் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

அவள் பச்சன் கௌர், பெண்ணின் அம்மா. குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். படம் வந்த அன்று அவளுக்கு என்னவோ செய்தது. பையனை இதற்கு முன்னால் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்த முகம் போலிருந்தது. அதை நம்பி, மகள் மன்ரூப் இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று சொன்னதைக்கூடக் காதில் வாங்காமல், வாக்குக் கொடுத்துவிட்டாள். படத்தை அலமாரிக் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தாள். எதிர்ச்சுவரில் அவள் புருஷனின் படம், மாலை போட்டு மாட்டியது. முந்தாநாள் காலையில் தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் புருஷனின் படம் தெரிந்தது. பக்கத்தில் சட்டத்தில் பையனின் படம். இரண்டு தலையிலும் ஒரே தலைப்பாகை.

“நிறந்தான் வேற. மடிப்புக்கு மடிப்பு அதேதான். காதுமேல இறக்கிவிட்டிருக்காரு பாருங்க, அது உட்பட.”

அது வழக்கமாக எல்லோரும் கட்டுகிற கட்டுதான், ஒன்று போல் இன்னொன்று இருக்கும் என்று தீதார் சிங் சொல்லிப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரர் பேரு ஹஜாரா சிங். ரோட்வேஸ்ல பஸ் ஓட்டினாரு. சின்ன வயசுல குதிரை கடிச்சு இடது காதுல மேல்பாதி கிடையாது. அது தெரியக் கூடாதுன்னு அப்படி இறக்கிக் கட்டுவாரு. ஊர்ல வேற யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க. வேற யாருக்கும் குதிரை கடிக்கல.”

கட்டத் தெரியாதவன் என்று அன்றைக்கு நினைத்தது தீதார் சிங்குக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் மாட்டவோ எதற்கோ படமெடுக்க வந்து, வேறு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து, இடது பக்கம் காட்டாமல் எடுக்க முடியுமா என்று கேட்ட ஓர் ஆளும் ஞாபகத்துக்கு வந்தார். இதுதான் நல்ல பக்கம் என்று இவர்தான் அதட்டித் திருப்பி உட்கார வைத்தார்.

பச்சன் கௌர் அந்தப் படத்தைத் திரையில் போடச் சொன்னாள். போட்டார். தலைப்பாகையைப் புரட்டச் சொன்னாள். இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டே புரட்டினார். பையன் ஒரு பக்கம் பார்க்க, தலைப்பாகை இன்னொரு பக்கம் பார்த்தது. பிட்டு வைத்தது போலவே இருந்தது.

“இப்பத்தான் சுவத்துல மாட்டியிருக்கிற படம் மாதிரி ஆகுது. அந்தப் படத்தை இத்தனை வருசமாப் பாக்கிறேன், என்னவோ எங்க ஆளு மாதிரியே தோணாது. நீங்க புரட்டிப் போட்டதப் பாத்ததும் தோணிருச்சு. ஏன் தெரியுமா?”

அவளே சொன்னாள். காலையில் துணியை இரண்டு பேருமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து மடிப்பார்கள். பிறகு அவர் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்பார். மீதித் துணி தரையில் புரளாமல் அவள் பின்னால் நின்று இழுத்துப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து, அவர் நோயில் படுக்கையில் விழுகிற வரைக்கும், ஒருநாள் தவறாமல். தலைப்பாகை கட்டுகிற முகத்தை அவள் பார்த்ததெல்லாம் கண்ணாடியில்தான்.

“எனக்குத் தெரிஞ்ச மனுசன் புரட்டிப் போட்ட மனுசன்தான் தம்பி. நீங்க தெரியாம அவரைக் கொண்டுவந்து என் கையில குடுத்துட்டீங்க. நான் அதப் பாத்துட்டு, யாரோ ஒரு பையனுக்கு என் மகளைக் குடுக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

தீதார் சிங்குக்கு முதலில் பயம்தான் வந்தது. விஷயம் வெளியே போனால் பிட்டு வாசலில் நின்று ஊரைக் கூட்டிச் சிரிப்பான். அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது, அதுவும் முழுதாக வரவில்லை. தப்பு நசீப் கௌருடையது, பையனுடையது, தான் கேட்டதைச் செய்கிறவன், தலைப்பாகை இல்லாமல் ஒருத்தன் வந்தால் வைத்துத் தருவதுதான் தொழில் என்று சொன்னார். சரி, புதிதாக வேறு தலைப்பாகை வைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

பச்சன் கௌர் அவரைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கொட்டிக் கிடக்கிற எதையோ மிதித்துவிடாமல் தாண்டுகிறவள் பார்க்கிற பார்வை அது. வாடிக்கையாளர்களைத் தான் பார்க்கிற பார்வையை அன்றைக்குத்தான் அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்.

“வேற ஒண்ணும் வைக்க வேணாம். இருக்கிறத எடுங்க.”

எடுத்தார். தலைப்பாகை போனது, நிழல்கள் போயின, நெற்றியில் ஏற்றிய சிவப்பு போனது. சேவல் கொண்டை எழுந்து நின்றது, காதுமேல் மின்னல் கோடு வந்தது. பச்சன் கௌர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பையனுடைய கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. உதடு குளிரில் வெடித்திருந்தது. அதையெல்லாம் தீதார் சிங்கும் இப்போதுதான் பார்த்தார்.

“தூக்கமில்லாத முகம். விடிகாலைல எந்திரிச்சுப் பால் கறக்கிறவன்ல. இந்தப் படத்தையே அவங்கம்மா அனுப்பியிருந்தா, திட்டியிருப்பேன், ஒருவேளை யோசிச்சும் இருப்பேன். இதே மாதிரி ஒண்ணு அச்செடுத்துக் குடுங்க. மன்ரூப்கிட்டக் குடுக்கிறேன். முகத்தப் பாத்து அவளே சொல்லட்டும். எங்க வாக்கு செல்லாதுன்னு நசீப் கௌருக்கு நான் சொல்லிக்கிறேன்.”

அச்செடுத்தார். கை பழக்கத்தில் மூலைக்குப் போனது. இதில் உங்கள் பெயர் வேண்டாம் என்றாள். நீங்கள் ஒன்றும் செய்யாத படத்தில் எதற்கு என்றாள்.

அடுத்து ஹஜாரா சிங்கின் படத்தைத் தேடி எடுக்கச் சொன்னாள். பெயர் எழுதி வைக்காததால், தலைப்பாகை வெட்டி எடுத்த முழுப் படங்களையெல்லாம் கொட்டி வைத்திருந்த இடத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அகப்பட்டார். மயில்நீலத் தலைப்பாகையும் இறுகிய வாயுமாக, படமெடுக்கிறவனைப் பிடிக்காத ஒரு முகம். அவள் சொல்லாமலே தீதார் சிங் அந்தப் படத்தை இடவலமாகப் புரட்டினார்.

பச்சன் கௌர் துப்பட்டா நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவர் பார்த்தார். அழவில்லை, துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். தீதார் சிங் தன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று அச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் படத்திலும் அவர் பெயரைப் போடவில்லை. யாரும் சொல்லாமலே போடவில்லை.

இரண்டு படங்களையும் தாளில் சுற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் நின்று திரும்பி, முதல்முறையாக அவர் தலையைப் பார்த்தாள். நெற்றி விளிம்பில், வியர்வை பட்டுப் பட்டுக் காய்ந்து வெள்ளையாக உப்புக்கோடு படிந்த இடத்தைப் பார்த்தாள்.

“இது என்னிக்குக் கட்டினது?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“ஞாயித்துக்கிழமை.”

பச்சன் கௌர் எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்தாள். காலையிலிருந்து வராத சிரிப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது.

“அப்போ பிட்டு தேவலை தம்பி. அவன் சட்டியை அடுத்தவன் தலையிலதான் கவுத்துறான்.”

சொல்லிவிட்டுத் துணிப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெயிலில் இறங்கி பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.